மலிவு ஊரா, அப்பா வீடா?

போன சித்திரையில் மதுரைக்குப் போயிருந்தபோது சித்தி மகன் ஒரு தாளை நீட்டினான். "அண்ணே, மெட்ராஸ் கம்பெனி. வருஷத்துக்கு ஏழு லட்சத்து இருபதாயிரம் தர்றாங்க. மாசம் அறுபதாயிரம். இங்க இருபத்தெட்டாயிரம்தான். யோசிக்க என்ன இருக்கு, சொல்லுங்க?"

அவன் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறான். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 12,000. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அப்பா கட்டிய வீட்டில் எல்லோரும் சேர்ந்து இருக்கிறார்கள். யோசிக்க என்ன இருக்கிறது என்று பார்க்க, குழந்தையின் படம் வரையும் நோட்டில் பின்பக்கமாகத் திருப்பிக் கணக்கு எழுதத் தொடங்கினோம்.

முதலில் அந்த அறுபதாயிரம். ஆஃபர் கடிதத்தில் பெரிதாக அச்சிட்டிருப்பது சம்பளம் அல்ல, சி.டி.சி. அதாவது இந்த ஆளை வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. அதில் பத்து சதவீதம் 'வேரியபிள் பே'. நிறுவனமும் ஊழியரும் நன்றாக வேலை செய்ததாக முடிவானால் ஆண்டுக் கடைசியில் வரும், முழுதாக வரும் என்பதற்கு உறுதி கிடையாது. ஆகவே மாதக் கணக்கிலிருந்து 6,000 போயிற்று. அடிப்படைச் சம்பளம் 30,000. அதில் 12 சதவீதமான 3,600 ரூபாய் நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு, அதுவும் அந்த அறுபதுக்குள்தான் இருக்கிறது. அதே அளவு தொகை ஊழியர் பங்காக இன்னொரு முறை பிடிக்கப்படும். ஐந்து வருடம் இருந்தால் கிடைக்கும் கிராஜுவிட்டிக்காக ஒதுக்குவது சுமார் 1,450. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 750. தொழில் வரி மாதத்துக்கு 200 சொச்சம். எல்லாம் போக வங்கிக் கணக்கில் விழுவது 44,400.

வருமான வரியைப் பற்றி அவன் பயந்தான். அதற்கு அவசியம் இல்லை. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறையில் சம்பளக்காரர்களுக்கு ஆண்டுக்கு 12 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் வரை வரி விழாது. பி.எஃப். பிடித்தமும் தொலைந்த பணம் அல்ல, பூட்டி வைத்த பணம். இப்போதைய வேலையில் இரண்டு பங்கும் சேர்த்து மாதம் 3,600 சேர்கிறது; சென்னையில் 7,200 சேரும். அந்த வித்தியாசத்தைத் தனியாக ஓரத்தில் குறித்துக்கொண்டோம். ஆனால் வாடகையை அதிலிருந்து கொடுக்க முடியாது.

அடுத்து மதுரைக் குடும்பத்தின் கணக்கு. இரண்டு சம்பளமும் சேர்த்து 40,000. மளிகை, பால், காய்கறிக்கு இவர்கள் கொடுப்பது 12,000. பெட்ரோல் 2,500. குழந்தையின் பள்ளிக்கு 2,000. போன், துணிமணி, மருந்து, விசேஷச் செய்முறை எல்லாம் 6,000. ஆக 22,500 போக, மாதக் கடைசியில் மிஞ்சுவது 17,500. "இவ்வளவா மிஞ்சுது?" என்று அவனே கேட்டான். மிஞ்சியது நகைச் சீட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததால் கண்ணில் படவில்லை.

இனி சென்னை. அவன் அலுவலகம் பழைய மகாபலிபுரம் சாலையில். மேடவாக்கம் பக்கம் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு விசாரித்ததில் 18,000 வாடகை, 2,000 பராமரிப்பு. மளிகை அதே 12,000. தண்ணீர், கரண்ட் 2,000. போக்குவரத்து 3,500. குழந்தையின் பள்ளி 4,000. போன், துணி வகையறா அதே 6,000. பண்டிகை, கல்யாணம், அப்பாவின் உடல்நிலை என்று ஊருக்கு வந்துபோக சராசரியாக 3,000. கூட்டினால் 50,500. கையில் வருவதோ 44,400. மாதம் 6,100 துண்டு விழுகிறது. மனைவி வேலையை விட்டுவிட்டுத்தானே போகவேண்டும்!

ஆண்டுக் கடைசியில் அந்த வேரியபிள் பே முழுதாக வந்தால் துண்டு ஏறக்குறைய அடைபடும். அதாவது அறுபதாயிரம் சம்பளத்தில், வருடம் முழுக்க ஓடி, சேமிப்பு இல்லாமல் நிற்கலாம்.

"அவளும் அங்க வேலைக்குப் போவாண்ணே" என்றான். நியாயம்தான். சென்னையில் ஆசிரியை வேலைக்கு 20,000 கிடைக்கிறது என்றே வைத்துக்கொண்டோம். ஆனால் பள்ளி விட்டபின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கே பாட்டி இல்லை. குழந்தைக் காப்பகத்துக்கு 6,000, அவள் போய்வர 1,500 கழித்தால் கூடுதலாக வீட்டுக்கு வருவது 12,500. துண்டு அடைபட்டு 6,400 மிஞ்சும். மதுரையில் மிஞ்சும் 17,500-ஐ விட இது இன்னும் 11,100 குறைவு. ஓரத்தில் எழுதிய கூடுதல் பி.எஃப்., வராமலும் போகக்கூடிய வேரியபிள் பே இரண்டையும் சேர்த்தால்தான் கிட்டத்தட்ட சமம் ஆகிறது.

இந்த இடத்தில்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். மதுரை மலிவான ஊர் என்று சொல்லிக்கொண்டே கணக்கு எழுதினோம். ஆனால் விலை வித்தியாசம் ஊரில் அவ்வளவு இல்லை. அரிசியும் சமையல் காஸும் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே விலை. ரேஷன் ஒன்றே. வீட்டு மின்சாரக் கட்டணமும் மாநிலம் முழுக்க ஒன்றே; இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதும் எல்லா ஊருக்கும் பொது. ஆனால் மதுரையில் கரண்ட் பில்லைத் தன் பென்ஷனில் கட்டுவது அப்பா. குழந்தையைப் பார்ப்பது அம்மா. வீட்டுக்கு வாடகை கிடையாது. இதே மதுரையில் இவர்கள் வாடகைக்கு இருந்தால் 9,000 ஆகும். மிச்சம் பாதியாக இறங்கிவிடும். ஆக மேடவாக்கத்து 20,000-இல் 9,000 சொந்த வீடு இல்லாததற்கான விலை. மீதி 11,000-தான் சென்னைக்கான விலை.

மத்திய அரசு தன் ஊழியருக்குப் போடும் கணக்கும் ஒரு உரைகல். எந்த ஊரில் இருந்தாலும் அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான். வீட்டு வாடகைப் படியில்தான் பெரிய வேறுபாடு: சென்னையில் அடிப்படையில் 30 சதவீதம், மதுரை, கோவை, திருச்சியில் 20 சதவீதம். முப்பதாயிரம் அடிப்படைக்கு வித்தியாசம் வெறும் 3,000. சந்தை வாடகை அதைவிட அதிகம் விலகியிருக்கிறது என்றாலும், ஊர் மாறினால் முதலில் மாறுவது கூரைதான் என்பதை அரசும் ஒப்புக்கொள்கிறது.

அதனால்தான் இதே ஆஃபர் கல்யாணமாகாத ஒருவருக்கு வந்திருந்தால் விடை மாறும். சாப்பாட்டோடு பி.ஜி. விடுதி 10,000, மற்ற செலவு 12,500, வீட்டுக்கு அனுப்புவது 5,000 என்றால் மாதம் 16,900 மிஞ்சும். அதே ஆள் மதுரையில் 28,000 வாங்கி, வீட்டுக்கு 8,000 கொடுத்து, பெட்ரோலுக்கும் கைச்செலவுக்கும் 7,000 எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 13,000. பெரிய லாபம் இல்லை, ஆனால் லாபம்தான். தனி ஆளுக்கு ஒரு கட்டில் போதும். குடும்பத்துக்கு ஒரு வீடு வேண்டும். கட்டிலிலிருந்து வீட்டுக்குப் போகும்போது செலவு படிப்படியாக ஏறுவதில்லை, ஒரே தாவாகத் தாவுகிறது.

தனி ஆளுக்குப் பெருநகரம் கைகொடுக்க இன்னொரு காரணமும் உண்டு. தங்கம், போன், பைக், பொறியியல் கல்லூரிக் கட்டணம் இவற்றுக்கு ஊர் விலை என்று ஒன்று கிடையாது. சம்பளத்தில் எத்தனை சதவீதம் மிச்சம் என்பது நகைக்கடையில் செல்லாது; எத்தனை ரூபாய் மிச்சம் என்பதுதான் செல்லும்.

"அப்ப நான் மட்டும் போய் பி.ஜி.யில இருந்தா?" என்று கேட்டான். அதையும் எழுதினோம். விடுதி, அலுவலகம் போய்வருவது, வெளிச்சாப்பாடு, மாதம் இரண்டு முறை மதுரை வந்துபோவது எல்லாம் 19,000. வீட்டில் இவன் பெட்ரோலும் சாப்பாடும் குறைவதால் அங்கே செலவு 18,000. மிச்சம் 19,400. இப்போதைய மிச்சத்தைவிட 1,900 அதிகம், கூடுதல் பி.எஃப். சேர்த்தால் 5,500. அதற்கு ஈடாக, மாதத்தில் நான்கு நாள் மட்டும் மகளைப் பார்க்கலாம். அந்த வரியை அவன் மனைவி படித்துவிட்டு நோட்டைத் திருப்பி வைத்தாள்.

முதல் மாதச் செலவை நாங்கள் இன்னும் தொடவே இல்லை. குடியிருப்போர் உரிமைகள் பற்றிய 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. நடப்பில் அதற்கு மேலேயே கேட்கிறார்கள். ஆறு மாதம் என்றால் 1,08,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, சாமான் ஏற்றி இறக்க 18,000. ஒன்றரை லட்சம் புரட்டிக்கொண்டுதான் பால் காய்ச்ச வேண்டும். அட்வான்ஸ் காலி பண்ணும்போது திரும்பி வரும், பெயின்ட் செலவைக் கழித்துக்கொண்டு.

சென்னைக்காகச் சொல்லவேண்டியதையும் சொன்னேன். கணக்குப் பிரிவு ஆளுக்கு அங்கே நிறுவனம் மாற வழி நிறைய. மதுரையில் இந்த வேலை போனால் அடுத்தது கிடைக்க மாதக்கணக்காகலாம். இரண்டு வருடம் கழித்து முப்பது சதவீத உயர்வோடு வேறு இடத்துக்கு மாறினால் கைக்கு வருவது 57,700 ஆகும். வாடகையும் சும்மா இருக்காது. பதினோரு மாத ஒப்பந்தம் முடிய முடிய ஏறும். அப்படியும் பள்ளம் பாதி தூர்ந்துவிடும். மனைவிக்கும் நல்ல வேலை உறுதியாகக் கிடைத்துவிட்டால், இரண்டு வருடக் கஷ்டத்துக்குப் பின் சென்னை முந்தும். அந்த உறுதி அன்று அவர்கள் கையில் இல்லை.

கடைசியாக ஒரே ஒரு கேள்வி: எவ்வளவு கொடுத்தால் போகலாம்? மதுரை மிச்சம் 17,500-ஐயும் சென்னைத் துண்டு 6,100-ஐயும் கூட்டினால் 23,600. அதை 44,400-உடன் சேர்த்தால் 68,000. இவன் ஒருவன் சம்பளத்தில் இன்றைய நிலை குறையாமல் இருக்க, கைக்கு வரவேண்டிய தொகை அது. இதே விகிதத்தில் சி.டி.சி.யாகச் சொன்னால் சுமார் 11 லட்சம்.

அவன் அந்த எண்ணைக் கேட்டான், அவர்கள் எட்டு லட்சம் வரை வந்தார்கள், போகவில்லை. உங்களுக்கும் இப்படியொரு கடிதம் வந்தால் சம்பளத்தோடு சம்பளத்தை ஒப்பிடாதீர்கள். மிச்சத்தோடு மிச்சத்தை ஒப்பிடுங்கள். அதற்கும் முன்னால், ஊரில் இப்போது நீங்கள் கொடுக்காமல் இருக்கும் வாடகையையும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கைகளையும் தனி வரியாக எழுதி, நேரே ரூபாயைப் போடுங்கள். ஆஃபர் கடிதத்தில் அந்த வரி இருக்காது.