ஆறு ஆறாகப் பிரித்தால் என்ன ஆகும்?

12 அணிகள் ஆடும் ஒரு லீக்கின் செயலாளர் கிளப்புகளுக்குக் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நீளமான புள்ளிப் பட்டியல் வேண்டாம். ஆறு ஆறாக இரண்டு பிரிவுகள், முடிவில் பிளேஆஃப் என்பது அவர் கோரிக்கை. அந்தக் கடிதத்தில் முதலில் இருக்க வேண்டியது ஆட்டங்களின் கணக்கு.

எல்லோரும் எல்லோருடனும் இருமுறை மோதினால் மொத்தம் 132 ஆட்டங்கள், அணிக்கு 22. சொந்தப் பிரிவில் இருமுறை, எதிர்ப் பிரிவோடு ஒருமுறை என்றால் அணிக்கு 16, மொத்தம் 96. மைதானமும் நடுவரும் கிடைக்காமல் திண்டாடும் லீக்குக்கு இந்த 36 ஆட்டங்கள் பெரிய மிச்சம். ஆனால் என் பார்வையில் இதைவிட வலுவான காரணம் வேறு. பாதி சீசனிலேயே வாய்ப்பிழந்த அணியின் வீரர்கள் மெல்ல மெல்ல வராமல் போகிறார்கள். எதிரணிக்கு வாக்ஓவர் கொடுக்க வேண்டி வருகிறது.

இதற்குச் சான்று அமெரிக்க பேஸ்பாலில் இருக்கிறது. 1968இல் அதன் இரு லீக்குகளிலும் பத்துப் பத்து அணிகள், தனித்தனியே ஒரே பட்டியல். அமெரிக்கன் லீக்கில் டெட்ராய்ட் 103 வெற்றிகளோடு முடித்தது. அடுத்து வந்த பால்டிமோருக்கு 91தான். மறு ஆண்டு லீக்குக்கு 12 அணிகள் ஆனபோது, கிழக்கு, மேற்கு என ஆறு ஆறாகப் பிரித்தார்கள். சொந்தப் பிரிவின் ஐந்து அணிகளோடு 18 முறை, மற்ற ஆறோடு 12 முறை. மொத்தம் பழையபடி 162. இரு பிரிவின் முதலிடங்களும் ஐந்து ஆட்டத் தொடரில் மோதும். மூன்றை வெல்பவர் லீக் சாம்பியன்.

இதன் பலனும் ஆபத்தும் நேஷனல் லீக்கின் 1973 சீசனில் சேர்ந்தே தெரிந்தன. ஆகஸ்ட் 30 அன்று நியூயார்க் மெட்ஸ் தன் பிரிவின் கடைசி இடத்தில் இருந்தது. ஆனால் ஆறு அணிகளுமே நெருக்கமாக நின்றதால், ஒரே மாதத்தில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. அதன் கணக்கு 82 வெற்றி, 79 தோல்வி. ஒரே பட்டியலாக இருந்திருந்தால் நான்காம் இடம்தான். மேற்கில் முதலிடம் பிடித்த சின்சினாட்டிக்கோ 99 வெற்றிகள். தொடரை 3-2 என மெட்ஸ் வென்றது.

சின்சினாட்டிக்கு நேர்ந்ததை நான் அநியாயம் என்றே சொல்வேன். அதிலும் கடைசி மூன்று ஆட்டங்கள் மெட்ஸின் சொந்த மைதானத்தில் நடந்தன. கூடுதல் ஆட்டம் யார் ஊரில் என்பதை அந்தக் காலத்தில் வெற்றிக் கணக்கு முடிவு செய்யவில்லை. இரு பிரிவுகளும் ஆண்டுக்கு ஆண்டு அதை மாற்றிக்கொண்டன.

ஆகவே செயலாளர் தன் கடிதத்தில் ஒரு விதியைச் சேர்த்தே ஆக வேண்டும். பிளேஆஃபில் அதிகப் புள்ளி எடுத்த அணிக்கே சொந்த மைதானம். ஆட்டம் சமனில் முடிந்தால் அந்த அணியே முன்னேறும்.