பிரெஞ்சு, ஜெர்மன் விசைப்பலகைகளில் தமிழ் உள்ளீடு: இடவழி முறையும் குறிவழி முறையும்

ஆய்வுச் சுருக்கம்

பிரான்சு, ஜெர்மனி ஆகிய நாடுகளில் விற்கப்படும் விசைப்பலகைகளின் எழுத்தமைவு, தமிழகத்தில் புழங்கும் விசைப்பலகையின் அமைவிலிருந்து வேறுபட்டது. அவற்றில் தமிழைத் தட்டச்சு செய்யும்போது நேரும் பிழைகளுக்கு, தமிழ் மென்பொருள் விசையின் இடத்தைக் கொள்கிறதா, விசை தரும் குறியைக் கொள்கிறதா என்பதே அடிப்படை. தமிழ்99 முறைக்கு இடவழியும், ஒலிபெயர்ப்பு முறைக்குக் குறிவழியும் பொருந்தும் என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை, அசெர்ட்டி, குவெர்ட்ஸ், புலம்பெயர் தமிழர்.

1. முன்னுரை

1983ஆம் ஆண்டுக்குப் பின் ஈழத்தமிழர் பெருமளவில் பிரான்சு, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் குடியேறினர். அவர்தம் பிள்ளைகள் பள்ளியிலும் வீட்டிலும் அந்தந்த நாட்டு விசைப்பலகையிலேயே கைபழகுகின்றனர். மற்றொரு சாரார், சென்னை ஆதம்பாக்கம் போன்ற பகுதிகளிலிருந்து கல்விக்கும் பணிக்கும் அங்குச் செல்வோர். இவர்கள் அமெரிக்க அமைவான குவெர்ட்டியில் பழகிய விரல்களுடன் பாரிசிலோ பெர்லினிலோ புதிய பலகையின்முன் அமர்கின்றனர். இரு சாராருக்கும் ஏற்படும் இடர் ஒன்றேபோல் தோன்றினாலும் தீர்வு ஒன்றன்று.

2. அமைவு வேறுபாடு

ஜெர்மானியக் குவெர்ட்ஸில் Y, Z ஆகியன இடம் மாறியுள்ளன. பிரெஞ்சு அசெர்ட்டியில் A, Q ஆகியனவும் Z, W ஆகியனவும் இடம் மாறியிருப்பதோடு, M இரண்டாம் எழுத்து வரிசையில் L எழுத்தின் வலப்புறம் சென்றுவிடுகிறது. எழுத்துகளின் இம்மாற்றத்தை எவரும் எளிதில் காண்பர். ஆனால் நிறுத்தக்குறிகளின் மாற்றமே தமிழுக்கு மிகுந்த இடர் தருகிறது. அமெரிக்கப் பலகையில் தனி விசையாக உள்ள `[` என்னும் குறியைப் பெற ஜெர்மன் பலகையில் AltGr உடன் 8ஐயும், பிரெஞ்சுப் பலகையில் AltGr உடன் 5ஐயும் அழுத்த வேண்டும்.

3. இடவழியும் குறிவழியும்

விசை ஒன்றை அழுத்தும்போது விசைப்பலகை கணினிக்கு அவ்விசையின் இட எண்ணை மட்டுமே அனுப்புகிறது. மேலே அச்சிட்ட எழுத்தை அது அறியாது. அந்த எண்ணை எழுத்தாக மாற்றுவது இயக்குதளத்தில் அப்போது நடப்பிலுள்ள அமைவாகும். அசெர்ட்டியில் எழுத்து வரிசைகளின் மேல் இடது மூலையிலுள்ள விசையை அழுத்தினால் உலாவி பெறும் இரு மதிப்புகள் இதனைத் தெளிவாக்கும்:

```
event.code = "KeyQ"
event.key  = "a"
```

முதலாவது இடத்தின் பெயர். அமெரிக்கப் பலகையை அளவையாகக் கொண்டு சூட்டப்பட்டது. இரண்டாவது அவ்விசை தந்த குறி. தமிழ் மென்பொருள் முதலாவதைக் கொண்டால் அதனை இடவழி முறை எனலாம். இரண்டாவதைக் கொண்டால் குறிவழி முறை எனலாம்.

4. தமிழ்99 முறை

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டின் வழியே உருப்பெற்றது தமிழ்99. உயிர் இடக்கையிலும் மெய் பெரும்பாலும் வலக்கையிலும் அமைய, இரு கைகளும் மாறிமாறி இயங்குவதே இதன் அடிப்படை. எனவே இதில் விசையின் இடமே முதன்மை. அதன்மேல் உள்ள இலத்தீன் எழுத்துக்கும் தமிழ் எழுத்துக்கும் தொடர்பில்லை.

மேலும் ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஐந்து மெய்களும் அமெரிக்கப் பலகையின் நிறுத்தக்குறி விசைகளில் அமைந்துள்ளன. குறிவழி மென்பொருளில் இவ்வைந்தும் சிதறிவிடும். ஜெர்மன் பலகையில் ழகரத்திற்கு Shift உடன் 7ஐயும், சகரத்திற்கு AltGr உடன் 8ஐயும் அழுத்த நேரும். இடவழி மென்பொருளில் அவை தத்தம் இடத்திலேயே நிற்கும். மாறுவது விசையின் மேலுள்ள அச்சு மட்டுமே:

| தமிழ்99 எழுத்து | அமெரிக்க அச்சு | பிரெஞ்சு அச்சு | ஜெர்மன் அச்சு |
|---|---|---|---|
| அ | A | Q | A |
| ஆ | Q | A | Q |
| ஈ | W | Z | W |
| ஔ | Z | W | Y |
| ள | Y | Y | Z |
| ர | M | , | M |
| ச | [ | ^ | Ü |
| ஞ | ] | $ | + |
| ந | ; | M | Ö |
| ய | ' | Ù | Ä |
| ழ | / | ! | - |

ஜெர்மன் மொழிக்கே உரிய Ü, Ö, Ä ஆகிய விசைகள் முறையே ச, ந, ய என அமைவது கருதத்தக்கது. 'தமிழ்' என்னும் சொல்லை ஜெர்மன் பலகையில் L, K, S, -, F என்றும், பிரெஞ்சுப் பலகையில் L, K, S, !, F என்றும் ஐந்தே அழுத்தங்களில் பெறலாம். Shift, AltGr எதுவும் வேண்டுவதில்லை.

பிரெஞ்சுப் பலகையில் அச்சைப் பார்த்துத் தட்டுவோர் தவறுவது பெரும்பாலும் அகர ஆகாரங்களில்தான். 'அம்மா' எனப் பெற Q, K, K, A என அழுத்த வேண்டும். குவெர்ட்டி நினைவில் A, K, K, Q என அழுத்தினால் 'ஆம்ம' என வரும். அவ்வாறே சொல்லின் இறுதியில் காற்புள்ளி இட எண்ணி அவ்வச்சுள்ள விசையை அழுத்தினால் ரகரம் வந்து ஒட்டிக்கொள்ளும். காற்புள்ளி அதற்கு வலப்புற விசையில் உள்ளது.

5. ஒலிபெயர்ப்பு முறை

`ammaa` எனத் தட்டி 'அம்மா' எனப் பெறும் முறையில் நிலை தலைகீழாகிறது. இங்குத் தட்டுபவர் நாடுவது இலத்தீன் எழுத்தையே. ஆகவே விசையின் குறியே முதன்மை. அஞ்சல் முறையில் y யகரத்திற்கும் z ழகரத்திற்கும் உரியன. 'யாழ்ப்பாணம்' என்பதற்கு `yaazppaaNam` எனத் தட்ட வேண்டும். ஜெர்மன் பலகையில் அச்சைப் பார்த்து இதனை இடவழி மென்பொருளில் தட்டினால் y, z இரண்டும் இடம் மாறி 'ழாய்ப்பாணம்' எனத் திரையில் தோன்றும். பிரெஞ்சுப் பலகையிலோ a என்னும் உயிரே q ஆகிவிடுவதால் சொல் உருப்பெறவே வாய்ப்பில்லை.

இ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகளுக்கு அடித்தளமாக இருந்த கீமேன் மென்பொருள் இவ்விரு முறைகளையும் ஏற்கும். விசைப்பலகை நிரலில் பின்வரும் வரி இருப்பின் அது குறிவழியில் இயங்கும்:

```
store(&mnemoniclayout) "1"
```

அத்தகைய பலகைக்கு, கையிலுள்ள வன்பலகை எந்நாட்டினது என்பதை விண்டோஸ் கீமேனின் Options பகுதியிலுள்ள Base Keyboard என்னும் அமைப்பில் தெரிவிக்கலாம். அங்கு அமெரிக்க அமைவு இருப்பின் குறிவழிப் பலகையும் பிழைபடும். ஆகவே மென்பொருளை மாற்றுமுன் இவ்வமைப்பைச் சரிபார்ப்பது நன்று.

6. கண்டறியும் வழி

மென்பொருள் எம்முறையினது என்பதை ஒரே அழுத்தத்தில் அறியலாம். தமிழ்99 ஆயின் P எழுத்தின் வலப்புற விசையை அழுத்துக. ச தோன்றினால் இடவழி. Ü தோன்றினாலோ, பிரெஞ்சுப் பலகையில் எதுவும் உடனே தோன்றாவிட்டாலோ குறிவழி. பிரெஞ்சுப் பலகையில் ^ அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கும் விசையாதலின் இவ்வாறு நேர்கிறது. ஒலிபெயர்ப்பு ஆயின் ஜெர்மன் பலகையில் Z அச்சுள்ள விசையை அழுத்துக. ழ் வந்தால் குறிவழி, ய் வந்தால் இடவழி. பிரெஞ்சுப் பலகையில் A அச்சுள்ள விசை அகரத்தைத் தந்தால் குறிவழி.

7. முடிவுரை

விண்டோஸில் உள்ளிணைந்த தமிழ்99 இடவழியில் இயங்குவதால், அதனைப் பயில்வோர் வன்பலகையை மாற்ற வேண்டியதில்லை. மேற்கண்ட பதினொரு விசைகளுக்குத் தமிழ் ஒட்டிகள் இட்டாலே போதும். சென்னையில் பழகிய விரல்களுக்கு அதுவும் வேண்டுவதில்லை. பலகையைப் பாராது தட்டுவதே சிறந்தது. ஒலிபெயர்ப்பில் தட்டுவோர் குறிவழி மென்பொருளைத் தேர்தல் வேண்டும். எனினும் ஒரு வரம்பு உண்டு: இடவழியில் தமிழும் பிரெஞ்சும் மாறிமாறி எழுதுவோருக்கு முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் மொழிக்கொரு விசையில் அமையும். ஜெர்மன் பலகையில் அவ்விரு குறிகளும் இடம் மாறாமையால் இவ்விடர் அங்கில்லை.