டிக் டிக் டிஸ்க்கும் குடும்பப் படங்களும்

பழைய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகுகிறோம். கல்யாண ஃபோல்டர் திறக்கவே இரண்டு நிமிடம் ஆகிறது. முதல் படம் வருகிறது, இரண்டாவது படத்தில் கம்ப்யூட்டரே அப்படியே நின்றுவிடுகிறது. இல்லாவிட்டால் படமே வராமல், உள்ளேயிருந்து ‘டிக்… டிக்… டிக்’ என்று ஒரே சீரான சத்தம் மட்டும் வருகிறது. இரண்டுக்கும் நாம் செய்வது ஒன்றுதான்: கழற்றிக் கழற்றிச் செருகுவோம், விண்டோஸ் கேட்கும் கேள்விக்கெல்லாம் சரி என்று அழுத்துவோம். பல வீடுகளில் படங்கள் போவது டிஸ்க் கெட்டதால் மட்டுமில்லை, அதற்குப் பிறகு வரும் இந்த அரை மணி நேரத்தால்தான்.

மந்தமும் டிக் சத்தமும் வேறு வேறு நோய்கள். டிஸ்க்கின் உள்ளே பளபளப்பான தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 சுற்று அல்லது 7,200 சுற்று வேகத்தில் சுழல்கின்றன. அவற்றின் மேல் ‘ஹெட்’ எனப்படும் நுண்ணிய வாசிப்பு முனை, சில நானோமீட்டர் இடைவெளி விட்டு, தட்டைத் தொடாமல் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் அந்த இடைவெளியைப் போலப் பல ஆயிரம் மடங்கு. தட்டில் ஆங்காங்கே சில பகுதிகள் மட்டும் படிக்க முடியாமல் போனால், டிஸ்க் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். ஒவ்வொரு இடத்திலும் பல விநாடிகள் போகும். மந்தம் என்பது பெரும்பாலும் இதுதான். டிக் சத்தம் இன்னும் மோசமான செய்தி. தான் எங்கே இருக்கிறோம் என்று ஹெட்டுக்குச் சொல்லும் குறிகள் தொழிற்சாலையிலேயே தட்டில் எழுதப்பட்டிருக்கும். அவற்றைப் படிக்க முடியாத ஹெட் தொடங்கிய இடத்துக்கே திரும்பி, மறுபடி முயன்று, மறுபடி திரும்புகிறது. அந்தப் போக்குவரத்தின் ஓசைதான் நமக்குக் கேட்கிறது. சேதமடைந்த ஹெட் தட்டைத் தேய்த்தால், அங்கிருந்த காந்தப் பூச்சு தூளாக உதிரும். உதிர்ந்த பூச்சோடு போன படத்தை எந்த ஆய்வகமும் திருப்பித் தர முடியாது.

எனவே விதி எளிது. டிக் சத்தம் கேட்டால் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஒரே ஒரு சோதனைக்கு மட்டும் இடம் உண்டு. மின்சாரம் போதாமலும் இதே சத்தம் வரும். நைந்த கேபிள், யூஎஸ்பி ஹப், கம்ப்யூட்டரின் முன்பக்கப் பொருத்துவாய், பெரிய டிஸ்க் என்றால் அதன் பழைய அடாப்டர், இவையெல்லாம் சந்தேகத்துக்குரியவை. நல்ல கேபிள் போட்டு, பின்பக்கப் பொருத்துவாயில் நேரடியாக ஒருமுறை செருகிப் பாருங்கள். அப்போதும் டிக் என்றால் வீட்டு வைத்தியம் அதோடு முடிந்தது. ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் யோசனையை யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், அந்த ஈரத்தின் மேல்தான் ஹெட் ஓட வேண்டியிருக்கும். மூடியைத் திறப்பதும் கூடாது. ஒரு தூசி, ஹெட் மிதக்கும் இடைவெளியைவிடப் பெரியது.

சத்தம் இல்லாமல் மந்தமாக மட்டும் இருக்கும் டிஸ்க்கை வீட்டிலேயே மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அதில் எதையும் எழுதக்கூடாது. நாம் எழுதாவிட்டாலும் விண்டோஸ் எழுதும். செருகியதும் அது தனக்கான ஃபோல்டரை உண்டாக்கும், ஆன்டிவைரஸ் எல்லா ஃபைலையும் துழாவும். அதற்கும் மேல், ‘Scan and fix’ என்றோ ‘You need to format the disk’ என்றோ கேட்கும். இரண்டையும் மறுத்துவிடுங்கள். முதல் கேள்விக்குப் பின்னால் ஓடுவது chkdsk. அதன் வேலை ஃபைல் பட்டியலை முரண் இல்லாமல் ஆக்குவது, உங்கள் படத்தைக் காப்பது அதன் வேலையில் சேராது. பட்டியலில் ஒரு பகுதியைப் படிக்க முடியாவிட்டால், அந்தப் பதிவையே நீக்கிவிட்டு, மிச்சத்தை FOUND.000 என்ற ஃபோல்டரில் பெயரில்லாத துண்டுகளாகப் போட்டுவிட்டுப் போகும். இன்னொன்றும் உண்டு. படிக்க முடியாத செக்டரில் புதிதாக ஏதாவது எழுதப்பட்டால், டிஸ்க் பழையதைக் கைவிட்டு மாற்று இடத்தைத் தந்துவிடும். பத்தாவது முயற்சியில் படிக்கக் கிடைத்திருக்கக்கூடிய படத்துண்டு அத்துடன் போய்விடும்.

நல்ல வழி, ஃபைல் ஃபைலாகக் காப்பி எடுக்காமல், டிஸ்க் முழுவதையும் முதல் செக்டரிலிருந்து கடைசி வரை வேறொரு டிஸ்க்கில் ஒரே பெரிய ஃபைலாக நகல் எடுப்பது. இதை ‘இமேஜ்’ என்பார்கள். மற்ற தேடல் எல்லாம் அந்த நகலில்தான். இதற்கென்றே உள்ள இலவச மென்பொருள் GNU ddrescue. அதன் கெட்டிக்காரத்தனம் ஒரே விஷயத்தில் இருக்கிறது: சிரமமான இடம் வந்தால் அங்கே மல்லுக்கட்டாமல் தாண்டிப்போய், சுலபமாகக் கிடைப்பதை எல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். தாண்டிய இடங்களை ‘மேப்’ என்ற சின்னஞ்சிறு ஃபைலில் குறித்துவைத்து, பிறகு திரும்பி வரும். விண்டோஸின் சாதாரண காப்பி இதற்கு நேர் எதிர். முதல் கெட்ட இடத்திலேயே முட்டிக்கொண்டு நின்று, டிஸ்க்கின் மிச்ச ஆயுளை அங்கேயே செலவழிக்கும்.

1 டிபி டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நகல் வைக்க 2 டிபி காலி டிஸ்க் ஒன்று வேண்டும், ஏனென்றால் இமேஜுக்கே 1 டிபி போய்விடும், மீட்ட படங்களுக்கும் இடம் வேண்டும். வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் SystemRescue என்ற இலவச லினக்ஸை பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்குங்கள். அது டிஸ்க்குகளைத் தானாகத் திறந்து எழுதாது, தேவையான கருவிகளும் உள்ளேயே இருக்கின்றன. முதலில் எது எந்த டிஸ்க் என்று பார்க்க வேண்டும்:

```
lsblk -o NAME,SIZE,MODEL,SERIAL
```

அளவையும் வரிசை எண்ணையும் டிஸ்க்கின் மேல் ஒட்டிய லேபிளோடு ஒப்பிடுங்கள். இங்கே அவசரம் கூடவே கூடாது. நோயாளி sdb, புதியது sdc என்று வைத்துக்கொண்டால்:

```
mkdir /mnt/new
mount /dev/sdc1 /mnt/new
ddrescue -n /dev/sdb /mnt/new/padam.img /mnt/new/padam.map
```

முதலில் வருவது படிக்க வேண்டிய டிஸ்க், அடுத்து இமேஜ், கடைசியில் மேப். மூன்றாவதை விட்டுவிட்டால் இடையில் நிறுத்தித் தொடர வழியில்லை. -f என்ற எழுத்தை மட்டும் எந்த நிலையிலும் சேர்க்காதீர்கள். அது இல்லாதவரை, வரிசை மாறிப்போனாலும் டிஸ்க்கின் மேல் நேரடியாக எழுத ddrescue மறுத்துவிடும்.

நல்ல டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி தந்தால் 1 டிபி மூன்று மணி நேரத்துக்குள் முடியும். விநாடிக்கு 1 எம்பிதான் வருகிறது என்றால் பதினோரு நாளுக்கு மேல். அதனால் திரையில் ஓடும் வேகத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் வேகமாக ஓடி, அவ்வப்போது சறுக்கினால் கவலையில்லை. ஒரே தாளத்தில் வேகமும் மந்தமும் மாறி மாறி வந்தால், பல ஹெட்டுகளில் ஒன்று போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். படிக்கும்போதே டிக் சத்தம் தொடங்கினால் Ctrl+C அழுத்தி நிறுத்திவிடுங்கள், அதுவரை எடுத்தது பத்திரமாக இருக்கும். டிஸ்க் கைக்குச் சுடும் அளவுக்குச் சூடானாலும் நிறுத்தி, ஆறவிட்டு, அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். சிறு மின்விசிறி ஒன்றைத் திருப்பிவைப்பது நல்லது.

இந்த முதல் சுற்றில் 99.97 சதவீதம் வந்தது என்று கொள்வோம். மிச்சம் 300 எம்பி. கேட்கவே பயமாக இருக்கும், ஆனால் ddrescue தாண்டிய இடத்தில் நல்ல செக்டர்களும் இருக்கக்கூடும். இப்போது இரண்டாம் சுற்று:

```
ddrescue -d -r1 /dev/sdb /mnt/new/padam.img /mnt/new/padam.map
```

விட்ட துண்டுகளை இது செக்டர் செக்டராகச் சுரண்டி எடுத்து, இன்னும் கெட்டதாகத் தெரிபவற்றை ஒருமுறை மட்டும் மறுபடி முயலும். மிச்சம் 40 எம்பியாகக் குறைந்தது என்றால், அத்துடன் விடுவதே என் தீர்ப்பு. அந்த 40 எம்பியில் சினிமாவும், காலி இடமும், விண்டோஸின் குப்பையும் கலந்திருக்கும். அவற்றுக்காக டிஸ்க்கை இன்னும் மூன்று நாள் வதைப்பதில் லாபமில்லை. டிஸ்க்கைக் கழற்றி ஓர் உறையில் போட்டு ஓரமாக வையுங்கள்.

இனி எல்லாம் இமேஜில்தான். `testdisk /mnt/new/padam.img` என்று திறந்து, Advanced, பிறகு Boot, பிறகு List என்று போனால் பழைய ஃபோல்டர்கள் பெயரோடு தெரியும். வேண்டியதைத் தேர்ந்து புதிய டிஸ்க்குக்குக் காப்பி செய்யலாம். Write என்று இருப்பதைத் தொட வேண்டாம். பட்டியலே கெட்டுப்போயிருந்தால் `photorec` உதவும். அது பெயரைப் பார்க்காமல், ஒவ்வொரு ஜேபெக் படமும் தொடங்கும் அடையாளத்தைத் தேடி எடுக்கும். பெயரும் ஃபோல்டரும் கிடைக்காது, எல்லாம் எண்களாக வரும். ஆனால் கேமரா எழுதிவைத்த தேதி படத்துக்குள்ளேயே இருப்பதால் காதுகுத்து எது, வளைகாப்பு எது என்று வரிசைப்படுத்தலாம். சில படங்கள் மேலே பாதி நன்றாகவும் கீழே சாம்பல் நிறமாகவும் வரும். அதன் நடுவில் ஒரு கெட்ட செக்டர் சிக்கியிருக்கிறது என்று பொருள். அவற்றையும் அழிக்காதீர்கள். கேமராவில் எடுத்த பல படங்களின் தொடக்கத்தில் ஒரு குட்டி நகல் ஒளிந்திருக்கும். தாத்தாவின் ஒரே படம் என்றால் அந்தக் குட்டி நகலும் பெரிதுதான்.

நோயாளி டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால் மறுபடி ஓடும், விற்கலாம் என்றும் தோன்றும். விற்காதீர்கள், எதையும் சேமிக்கவும் செய்யாதீர்கள். டிக் சத்தம் வரும் டிஸ்க்கை ஆய்வகத்துக்குக் கொடுக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: தூசியில்லாத அறையிலோ மேடையிலோ திறப்பார்களா, முதலில் இமேஜ் எடுப்பார்களா, படம் கிடைக்காவிட்டால் எவ்வளவு வாங்குவார்கள். மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லாத கடையிலிருந்து டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள். அவர்களிடம் நீங்களும் ஒன்று சொல்ல வேண்டும்: கீழே விழுந்ததா, எத்தனை முறை செருகினீர்கள், chkdsk ஓடியதா, யாராவது மூடியைத் திறந்தார்களா. மறைக்காமல் சொல்லுங்கள். டிஸ்க்குக்கு முதல் முறை மின்சாரம் தரலாமா, ஹெட்டை மாற்றிய பிறகே தர வேண்டுமா என்பதை அவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.