மேலாளரின் நாளைக் கட்டம் போடுவது

ஒரு நாளின் வேலை நேரத்தை முன்கூட்டியே கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வேலையை எழுதி, அந்த நேரத்தில் அந்த வேலையை மட்டும் செய்வதுதான் கட்ட நேர முறை. வேலைப் பட்டியலில் என்ன செய்ய வேண்டும் என்பது இருக்கும். எப்போது, எவ்வளவு நேரம் என்பது இருக்காது. பட்டியலில் எழுதியதெல்லாம் ஒரு நாளுக்குள் அடங்குமா என்பது மாலையில்தான் தெரியவரும். கட்டம் போட்டுவிட்டால் அது காலையிலேயே தெரிந்துவிடும்.

தனியாக உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இது எளிது. மேலாளருக்கு எளிதல்ல. கனடாவைச் சேர்ந்த ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்து தலைமை நிர்வாகிகளைப் பக்கத்திலிருந்தே கவனித்து 1973இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்கள் செய்த காரியங்களில் பாதி ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. ஒரு மணி நேரத்தைத் தாண்டியவை பத்தில் ஒன்றுதான். குறுக்கீடு என்பது மேலாளரின் வேலைக்கு வெளியிலிருந்து வரும் தொல்லையல்ல, வேலையின் ஒரு பகுதியே அதுதான். ஆகவே, நாள் முழுவதையும் பூட்டிவைக்கும் திட்டம் அவருக்கு முதல் நாளே உடைந்துபோகும். அவருக்கு வேண்டியது பெரும்பகுதி திறந்திருக்கும் ஒரு நாள். அதற்குள் மூடிய நேரம் இரண்டு. தவறுகளைத் தாங்கிக்கொள்ளக் கொஞ்சம் கையிருப்பு நேரம்.

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் மெர்ச்சண்டைசிங் மேலாளரை எடுத்துக்கொள்வோம். வேலை நேரம் காலை 9 முதல் மாலை 6.30 வரை. பையர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். டையிங், பிரிண்டிங் இரண்டும் வெளி யூனிட்டுகளில். சாம்பிள் அனுப்புவது, துணி எப்போது வரும் என்று விரட்டுவது, கீழே உள்ள மெர்ச்சண்டைசர்களின் கேள்விகள், எம்.டி. அறையிலிருந்து வரும் அழைப்பு என்று நாள் ஓடிவிடும். இவற்றுக்கிடையே தலை நிமிராமல் செய்ய வேண்டிய வேலை இரண்டு உண்டு: புதிய ஆர்டருக்குக் காஸ்டிங் போடுவதும், ஆர்டர்களின் தேதி அட்டவணையைச் சரிபார்ப்பதும். காஸ்டிங்கில் நூல் விலையிலிருந்து தையல் கூலி வரை எல்லாம் சேரும். கவனம் சிதறி உருப்படிக்கு 2 ரூபாய் குறைத்துப் போட்டால், 20,000 உருப்படி ஆர்டரில் 40,000 ரூபாய் போய்விடும்.

முதல் வேலை, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று மதிப்பிடுவது. பெரும்பாலோர் சறுக்கும் இடமும் இதுதான். டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் விளக்கிய ஒரு மனப்பழக்கம் இதற்குக் காரணம்: திட்டமிடும்போது மனம் அந்த வேலை தடையில்லாமல் நடப்பதைக் கற்பனை செய்துகொள்கிறது, முன்பு அதே போன்ற வேலைகள் எப்படி இழுத்தன என்பதைப் பார்ப்பதில்லை. கனடாவில் ரோஜர் பியூலரும் சகாக்களும் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டு, 1994இல் முடிவுகளை வெளியிட்டனர். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால்? 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். மோசமான நிலைமையை யோசித்துச் சொன்ன கணக்கும் போதவில்லை என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. இன்னும் ஆழமாக யோசிப்பதால் மதிப்பீடு திருந்துவதில்லை. பழைய கணக்கைப் பார்த்தால்தான் திருந்தும்.

அதற்கு ஒரு வாரம் நேரத்தைக் குறித்துவைத்தால் போதும். வேலை தொடங்கிய மணி, முடிந்த மணி, அவ்வளவுதான். நம் மேலாளர் ஒரு காஸ்டிங்கை 45 நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தார். குறித்துப் பார்த்தபோது ஐந்து காஸ்டிங்குகள் 50, 60, 65, 70, 110 நிமிடங்கள் பிடித்திருந்தன. நடுவில் நிற்பது 65. கட்டத்தில் எழுத வேண்டிய எண் அதுதான். சராசரியை எடுத்தால், ஸ்பின்னிங் மில்லிலிருந்து விலை வராமல் 110 நிமிடம் இழுத்த அந்த ஒரு நாள் மற்ற நாட்களின் கணக்கையும் மேலே தூக்கிவிடும்.

அந்த 110 நிமிட நாளை என்ன செய்வது? கையிருப்பு நேரம் அதற்குத்தான். ஒவ்வொரு வேலைக்கும் 45 நிமிடம் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வது முதலில் தோன்றும் வழி. அதில் இரண்டு கோளாறு. நான்கு வேலைக்கு 180 நிமிடம், அதாவது மூன்று மணி நேரம், காலியாக ஒதுங்கிவிடும். தவிர, 110 நிமிடம் கொடுத்த வேலை 110 நிமிடத்தையும் நிரப்பிக்கொள்ளும். மிச்சமாகும் நேரம் யார் கண்ணிலும் படாமல் கரைந்துவிடும். கூடுதல் நேரத்தையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துவைப்பது மேல். நான்கு வேலைகளும் ஒரே நாளில் சேர்ந்து கெடுவது அரிது, ஒன்று இழுத்தால் இன்னொன்று சீக்கிரம் முடியும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு வேலைகளுக்கு, தனித்தனியாகச் சேர்த்திருக்கக்கூடியதில் பாதி போதும் என்பது புள்ளியியல் கணக்கு. ஆக 90 நிமிடம். இந்தக் கணக்கு ஓரிடத்தில் பொய்க்கும்: துணி வராததால் சாம்பிள், கட்டிங், ஷிப்மென்ட் மூன்றும் ஒன்றாக நின்றுபோகும் நாளில் அவை தனித்தனி வேலைகளாக இருப்பதில்லை. அப்படிப்பட்ட நாளுக்கு எந்தக் கையிருப்பும் போதாது.

இனி மூடிய நேரத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி. காலெண்டரில் காலியாகத் தெரியும் இடத்தில் வைப்பது வழக்கம், அது தவறு. குறுக்கீடு தானாகவே குறைந்திருக்கும் இடத்தைத் தேட வேண்டும். காலை 9 முதல் 10 வரை தயாரிப்புத் தளத்தில் ஆள் வரவில்லை, கட்டிங் வரவில்லை என்ற சத்தம் அடங்காது; அப்போது அறையைச் சாத்திக்கொண்டால் கதவைத் தட்டுவார்கள். 10 மணிக்கு லைன் ஓடத் தொடங்கிவிடும். அப்போது ஜெர்மனியில் இன்னும் அலுவலகம் திறந்திருக்காது. குளிர்காலத்தில் அங்கே காலை 9 ஆகும்போது இங்கே பகல் 1.30, கோடையில் 12.30. மேசையில் காத்திருக்கும் பையர் மெயில் எல்லாம் முந்தின நாள் மாலை வந்தவை. அவற்றுக்குப் பத்து மணிக்குப் பதில் எழுதினாலும் பன்னிரண்டு மணிக்கு எழுதினாலும் அனுப்பியவருக்கு ஒன்றுதான். காலையில் வந்ததும் மெயிலைத் திறந்து பதில் போடும் பழக்கத்தால் நாளின் அமைதியான நேரம் வீணாகிறது என்பதை இந்தத் தொழிலில் பலர் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

இப்படி அமையும் நாள்: 9 முதல் 10 வரை தளத்தைச் சுற்றிப் பார்ப்பது, டையிங் யூனிட்டுகளுக்குப் போன். 10 முதல் 11.30 வரை முதல் மூடிய நேரம், காஸ்டிங்குக்கு. டீ மேசைக்கே வந்துவிடும். 11.30 முதல் 12.15 வரை கையிருப்பு. 1.15 வரை சாம்பிள் பார்ப்பது, மெர்ச்சண்டைசர்களின் கேள்விகள். 2 மணி வரை சாப்பாடு. 2 முதல் 3 வரை மெயில். 3 முதல் 4.15 வரை இரண்டாவது மூடிய நேரம், தேதி அட்டவணைக்கு. 5 மணி வரை மறுபடியும் கையிருப்பு. 6 வரை அழைப்புகள், வந்தவர்களைப் பார்ப்பது. கடைசி அரை மணியில் அன்று உண்மையில் ஆன நேரத்தைக் குறித்துவிட்டு நாளைய கட்டங்களைப் போடுவது. இந்த ஒன்பதரை மணி நேரத்தில் மூடியது மூன்று மணிக்கும் குறைவுதான். இரண்டாவது நேரம் முதலாவதைவிடக் குட்டையாக இருப்பது வேண்டுமென்றே செய்தது: பிற்பகலில் பையர்கள் விழித்திருப்பார்கள். 2 மணிக்கு அவர்களுக்கு எழுதிய பதிலுக்கு மறுபதில் வருவதற்குள் கிடைக்கும் இடைவெளியில்தான் அது நிற்கிறது.

மூடிய நேரத்தைக் காப்பது கதவில் பலகை மாட்டுவதால் நடக்காது. எப்போது கிடைப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். “இப்ப வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் ஆட்கள் மீண்டும் மீண்டும் எட்டிப் பார்ப்பார்கள். “பன்னிரண்டேகாலுக்கு வாங்க” என்று சொல்லி, அந்த நேரத்தில் உண்மையாகவே இருந்தால், இரண்டு வாரத்தில் பழகிக்கொள்வார்கள். இடையில் வரும் அழைப்புகளைச் சீனியர் மெர்ச்சண்டைசர் ஒருவர் எடுக்க வேண்டும். அவருக்கு ஒரே ஒரு அளவுகோல் கொடுத்தால் போதும்: மூடிய நேரம் முடியும்வரை காத்திருந்தால் திருப்ப முடியாத சேதம் ஏதாவது வருமா? மாற்று ஷேடுத் துணி கட்டிங் மேசையில் விரிக்கப்பட்டிருந்தால் வரும். வெட்டிய துணியை ஒட்ட முடியாது, உடனே கதவைத் திறக்கலாம். லாட் இன்னும் டையிங் மெஷினில் இருக்கிறது, சாயம் கூட்டவா என்று கேட்டால் அதுவும் காத்திருக்காது. உலர்ந்த துண்டு வந்திருக்கிறது, ஒப்புதல் வேண்டும் என்றால் 11.30 வரை காத்திருக்கும். எம்.டி. கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். அவரிடம் முன்பே பேசி, காலை நேரத்தையாவது காஸ்டிங்குக்கு விட்டுத்தரக் கேட்பது நடைமுறை வழி.

குறுக்கீடு வந்தே தீரும்போது, எழுந்து போகுமுன் எந்த வரியில் நின்றது, அடுத்து என்ன என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டுப் போக வேண்டும். முடியாத வேலையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009இல் காட்டினார். அந்த ஒரு வாக்கியம் திரும்பி வரும் வழியைச் சுருக்குகிறது.

நடுவில் திட்டம் கெடும்போது பழைய கட்டங்களோடு மல்லுக்கட்டக் கூடாது. காஸ்டிங் 11.55க்கு முடிந்தால் கையிருப்பில் 25 நிமிடம் செலவு, மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். 12.40 வரை இழுத்தால் மீதி நாளைக் கோடிட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் புதிதாக எழுத வேண்டும். மெர்ச்சண்டைசர்கள் காத்திருக்கும் நேரத்தைச் சுருக்குவதைவிட, மாலை அழைப்புகளில் ஒன்றை நாளைக்குத் தள்ளுவது நல்லது. வாக்களித்த நேரம் ஒரு முறை பொய்த்தால் மறுநாள் காலை பத்து மணிக்கே கதவு தட்டப்படும்.

மூன்று வாரக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால் எங்கே பிழை என்று தெரியும். கையிருப்பு ஒவ்வொரு நாளும் நண்பகலுக்குள் தீர்ந்துபோனால் மதிப்பீடுகள் குறைவு. ஒரு நாளும் தொடப்படாமலே இருந்தால் மதிப்பீடுகளுக்குள்ளேயே கொழுப்புச் சேர்ந்திருக்கிறது. மூடிய நேரம் ஒரே காரணத்துக்காகத் திரும்பத் திரும்ப உடைந்தால் கோளாறு காலெண்டரில் இல்லை. பட்டன், லேபிள் போன்ற சிறு கொள்முதல்களுக்குக் கையெழுத்து கேட்டுத்தான் வருகிறார்கள் என்றால், ஒரு தொகை வரை அவர்களே முடிவெடுக்கும் அதிகாரம் கொடுத்துவிட்டால் அந்தக் குறுக்கீடு நின்றுவிடும்.

இந்த முறை பொருந்தாத நாட்களும் இருக்கின்றன. ஷிப்மென்ட் மூடும் வாரத்திலும், பையரின் ஆடிட்டர் வந்திருக்கும் நாளிலும் இரண்டு மூடிய நேரம் கேட்பது வீண். காலையில் 45 நிமிடம் கிடைத்தால் அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் திறந்துவிடலாம். தையல் லைன் சூப்பர்வைசருக்கு அதுவும் கிடையாது. லைன் நின்றால் அந்த நிமிடமே அங்கே இருப்பதுதான் அவர் வேலை. அவருடைய கணக்கெழுத்தை ஷிப்ட் முடிந்த பிறகு செய்யவோ, வேறொருவரிடம் மாற்றவோ நிர்வாகம்தான் வழி செய்ய வேண்டும்.