எட்டு பிட்டில் அடங்கும் குரல்

'யெஸ்', 'நோ', 'ஸ்டாப்', 'கோ' என்று பத்து ஆங்கிலச் சொற்களை மட்டும் அடையாளம் காணும் ஒரு சின்னக் கருவி. இணையம் கிடையாது, உயிர் கொடுப்பது பேட்டரிதான். இதற்குப் பரவலாகப் பயன்படும் மாடல்களில் ஒன்று டிஎஸ்-சிஎன்என். கூகுள் வெளியிட்ட 'ஸ்பீச் கமாண்ட்ஸ்' தொகுப்பில், பலரும் பேசிய ஒரு நொடிப் பதிவுகளைக் கேட்டுப் பழகிய நியூரல் நெட்வொர்க் அது. பழகியதெல்லாம் சுமார் 38,600 எண்களாக அதற்குள் இருக்கிறது. அந்த எண்களை எடைகள் என்பார்கள்.

பயிற்சி நடக்கும் கணினியில் ஒவ்வொரு எடையும் 32 பிட் தசம எண், அதாவது நான்கு பைட். எல்லாம் சேர்ந்து 154 கிலோபைட்டுக்கு மேல். அதையே எட்டு பிட் முழு எண்ணாக்கினால் 39 கிலோபைட்டுக்குள் முடிந்துவிடும். இந்தச் சுருக்கலுக்குப் பெயர்தான் குவான்டைசேஷன்.

இடம் மிச்சமாவது பாதி லாபம்தான். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹொரோவிட்ஸ் 2014இல் தந்த கணக்கின்படி, 45 நானோமீட்டர் சிப்பில் 32 பிட் தசமப் பெருக்கல் ஒன்றுக்கு 3.7 பிகோஜூல் செலவாகிறது. எட்டு பிட் முழு எண் பெருக்கலுக்கு 0.2 போதும். ஒரு சொல்லை அடையாளம் காணவே லட்சக்கணக்கான பெருக்கல்கள் வேண்டும். கணக்கு சீக்கிரம் முடிந்தால் சிப் சீக்கிரம் தூங்கப் போகும். பேட்டரி நீடிப்பது அந்தத் தூக்கத்தால்தான்.

எட்டு பிட்டில் −128 முதல் 127 வரை மொத்தம் 256 எண்களே உண்டு. ஒரு அடுக்கிலிருந்து வெளிவரும் மதிப்புகள் −1.2க்கும் 3.9க்கும் நடுவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அகலம் 5.1. அதை 255ஆல் வகுத்தால் ஒரு படி 0.02. இதற்கு ஸ்கேல் என்று பெயர். −1.2 போய் −128இல் உட்காரும், சுழியம் −68இல் உட்காரும். சுழியம் உட்காரும் இந்த இடம் ஜீரோ பாயின்ட். இனி 1.234 வந்தால் 62 படி தள்ளி −6 ஆகப் பதிவாகும். திரும்ப விரித்துப் பார்த்தால் 1.24. பிழை 0.006. இந்த அளவு பிழையை நெட்வொர்க் பெரும்பாலும் பொருட்படுத்தாது.

எடைகளின் எல்லை கோப்பிலேயே தெரியும். ஆனால் ஒவ்வொரு அடுக்கிலும் என்ன மதிப்பு வரும் என்பது உள்ளே போகும் ஒலியைப் பொறுத்தது. அதனால் சில நூறு மாதிரி ஒலிகளை ஓடவிட்டு, எது வரை ஏறுகிறது, எது வரை இறங்குகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். மாதிரியில் யாரோ மைக்கைத் தட்டிய சத்தம் ஒன்று கலந்து, உச்சம் 49.8 என்று பதிவாகிவிட்டால் படி 0.2 ஆகிவிடும். 1.234 இப்போது 1.2. 0.1க்கும் குறைவான நுணுக்கமெல்லாம் சுழியமாகிவிடும். மாறாக, அமைதியான அறையில் பதிந்த ஒலிகளை மட்டும் கொடுத்தால், தெருவில் யாராவது உரக்கப் பேசும்போது 3.9ஐத் தாண்டும் மதிப்பெல்லாம் 127லேயே முட்டி நிற்கும். கருவி போகும் இடத்தின் சத்தத்திலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒற்றை உச்சங்களை வெட்டிவிடுவதும் நல்லது.

எடைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்த மாடலில் ஒவ்வொரு சேனலையும் தனித்தனியாக வடிகட்டும் அடுக்குகள் இருக்கின்றன. ஒரு சேனலின் எடைகள் பெரிதாகவும் பக்கத்துச் சேனலின் எடைகள் மிகச் சிறிதாகவும் அமைந்துவிடலாம். இரண்டுக்கும் ஒரே ஸ்கேல் என்றால் சிறியது அழிந்துபோகும். சேனலுக்கு ஒரு ஸ்கேல் கொடுப்பதே மருந்து. அப்படியும் துல்லியம் தேறாவிட்டால், பயிற்சியின்போதே எட்டு பிட் பிழையைக் கலந்து கொடுத்து நெட்வொர்க்கைப் பழக்குவார்கள்.

துல்லியம் குறைந்தால் சிப்பைக் குறை சொல்லுமுன், சுருக்கிய மாடலைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கேயும் தடுமாறினால், ஒரே ஒலியைத் தசம மாடலுக்கும் முழு எண் மாடலுக்கும் கொடுத்து, அடுக்கடுக்காக விடைகளை ஒப்பிட்டால் எங்கே விலகுகிறது என்று தெரிந்துவிடும். கணினியில் சரியாக இருந்து கருவியில் மட்டும் உளறினால், சந்தேகம் மாடலைச் சுற்றியுள்ள நிரல் மேல் போக வேண்டும். உதாரணமாக, கடைசி அடுக்கு தரும் நிகழ்தகவின் ஸ்கேல் வழக்கமாக 1/256, ஜீரோ பாயின்ட் −128. '0.8க்கு மேல் வந்தால் ஏற்றுக்கொள்' என்ற நிபந்தனை அங்கே '77 அல்லது அதற்கு மேல்' என்று மாற வேண்டும். 0.8 என்றே விட்டுவிட்டால் பாதிக்குச் சற்று மேலான நம்பிக்கைக்கே கருவி தலையாட்டிவிடும்.

இவ்வளவு செய்தும் மைக் தின்னும் மின்சாரம் ஒரு துளியும் குறையாது. அது எந்நேரமும் விழித்திருந்தாக வேண்டும். அதனால்தான் பல வடிவமைப்புகளில் ஒலியின் அளவை மட்டும் பார்க்கும் ஒரு எளிய சுற்று முன்னால் நிற்கிறது. அது சத்தம் கேட்டு எழுப்பினால்தான் மாடலுக்கு வேலை.