இரண்டு புள்ளிகளில் இருக்கிறது கணக்கு

பங்குச் சந்தையில் விலை ஒரே மூச்சில் ஏறுவதோ இறங்குவதோ இல்லை. பெரிய இறக்கத்துக்குப் பிறகு கொஞ்சம் ஏறும், பெரிய ஏற்றத்துக்குப் பிறகு கொஞ்சம் சரியும். அந்தத் திரும்பல், முந்தைய நகர்வில் எத்தனை சதவீதம் என்று அளக்கும் கருவிதான் ஃபிபோனாச்சி ரிட்ரேஸ்மென்ட். நகர்வு தொடங்கிய புள்ளியையும் முடிந்த புள்ளியையும் காட்டினால், சார்ட் மென்பொருள் இடையில் 23.6, 38.2, 50, 61.8, 78.6 சதவீதங்களில் கோடுகளைப் போட்டுத் தரும்.

ஃபிபோனாச்சி வரிசையில் 13, 21, 34, 55 என்ற எண்கள் அடுத்தடுத்து வருகின்றன. 34ஐ 55ஆல் வகுத்தால் 0.618, 21ஐ வகுத்தால் 0.382, 13ஐ வகுத்தால் 0.236. 0.618இன் வர்க்கமூலத்திலிருந்து வருவது 78.6. நகர்வில் பாதியைக் காட்டும் 50 மட்டும் இந்த விகிதங்களில் சேராது. பழைய சந்தை வழக்கத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது அது.

கோடுகளை மென்பொருள் போட்டுவிடும். எந்த உச்சியிலிருந்து எந்த அடிவரை இழுப்பது என்பதை மட்டும் மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு பேருக்கு இரண்டு விடை வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

2020 கொரோனா சரிவில் நிஃப்டி 50 இதற்கு நல்ல உதாரணம். ஜனவரி 20 அன்று அது 12,430ஐத் தொட்டுவிட்டு இறங்கியது, பிப்ரவரி நடுவில் மறுபடி 12,247 வரை ஏறியது, அங்கிருந்து சரிந்து மார்ச் 24 அன்று 7,511க்கு வந்தது. ஜனவரி உச்சியிலிருந்து இழுப்பவருக்கு 50 சதவீதக் கோடு 9,971இல் விழும். செங்குத்தான சரிவு பிப்ரவரியில்தான் தொடங்கியது என்று அங்கிருந்து இழுப்பவருக்கு அதே கோடு 9,879இல் விழும். ஏப்ரல் 30 அன்று நிஃப்டி 9,889 வரை போய்த் திரும்பியது, மே நடுவில் 8,800 அருகே வந்தது. இரண்டாமவர் பார்வையில் சந்தை பாதியைத் தொட்டுத் திரும்பியிருக்கிறது. முதலாமவர் 9,971இல் விற்க ஆர்டர் போட்டுக் காத்திருந்தால் அது நிறைவேறியே இருக்காது. இருவரும் பார்த்தது ஒரே சந்தை.

இதில் யார் சரி? அளக்க நினைக்கும் நகர்வு எது என்பதைப் பொறுத்தது அது. வாராந்தர சார்ட்டில் முழுச் சரிவையும் அளக்கிறவருக்கு ஜனவரி உச்சியே சரியான தொடக்கம். அந்த நகர்வில் அதைவிட உயரமான புள்ளி இல்லை. தினசரி சார்ட்டில் கடைசி வேகமான இறக்கத்தை மட்டும் அளக்கிறவருக்குப் பிப்ரவரி உச்சி பொருந்தும். வாராந்தர உச்சியையும் பதினைந்து நிமிட சார்ட்டில் கண்ட அடியையும் ஒரே கோட்டில் கோப்பதுதான் தவறு. அந்த இரண்டும் ஒரே நகர்வின் முனைகள் அல்ல.

ஸ்விங் புள்ளியை அடையாளம் காணப் பலரும் வைத்திருக்கும் எளிய விதி ஒன்று உண்டு: ஒரு கேண்டிலின் உச்சி, அதன் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு கேண்டில்களின் உச்சிகளைவிட உயர்ந்திருந்தால் அது ஸ்விங் ஹை. அடிக்கு இதையே தலைகீழாகப் பார்க்க வேண்டும். வலப்பக்கம் இரண்டு கேண்டில் முடியும்வரை காத்திருந்தாக வேண்டும் என்பதால், புள்ளி உறுதியாகும்போது விலை அங்கிருந்து நகர்ந்திருக்கும். காத்திருந்தாலும் முழு உத்தரவாதம் கிடையாது. மார்ச் 13 அன்று வர்த்தகம் நிறுத்தப்படும் அளவுக்கு நிஃப்டி விழுந்து, 8,555ஐத் தொட்டு, அன்றே பலமாக எழுந்தது. அதுவே அடி என்று அவசரப்பட்டு இழுத்த கோடுகள் சில நாட்களில் செல்லாமல் போயின. அடி உடைந்தால் பழைய கோடுகளை அழித்துவிட்டுப் புதிய அடியிலிருந்து மறுபடி இழுக்க வேண்டும்.

புள்ளிகள் ஒத்துப்போன பிறகும் சார்ட்டின் அமைப்பு விடையை மாற்றும். கேண்டிலின் விக் முனையை எடுக்காமல் முடிவு விலையை எடுத்தால் ஜனவரி உச்சி 12,362, மார்ச் அடி 7,610. அப்போது 38.2 சதவீதக் கோடு 9,390இலிருந்து 9,426க்கு நகரும். இதைவிடப் பெரிய வித்தியாசம் அளவுகோலில் வரும். சாதாரண அளவுகோலில் 9,971இல் இருக்கும் பாதிக் கோடு, மடக்கை அளவுகோலில் கணக்கிட்டால் 9,663க்கு இறங்கிவிடும். முந்நூறு புள்ளி வித்தியாசம்! சில மென்பொருள்களில் இது ஒரு சின்ன டிக்கில் மாறிவிடுகிறது, பயன்படுத்துகிறவர் அதைக் கவனிப்பதே இல்லை.

சந்தை திரும்பிய பிறகு, அந்த இடத்தில் கோடு விழும்படி உச்சியை மாற்றிப் பிடிப்பது மிக எளிது. ஐந்து கோடுகள், இரண்டு உச்சிகள், இரண்டு அளவுகோல்கள் என்று வைத்துக்கொண்டால் இருபது விலைகள் கைவசம் இருக்கும், அவற்றில் ஏதோ ஒன்று திரும்பிய இடத்துக்கு அருகில் இருந்தே தீரும். அதனால் ஒருவருடைய கோட்டைச் சோதிக்க, விலை அங்கே வருவதற்கு முன்பே அவர் எழுதிவைத்த நான்கு விவரங்கள் தேவை: எடுத்த இரண்டு புள்ளிகளின் தேதி, டைம்ஃப்ரேம், விக்கா முடிவு விலையா என்பது, அளவுகோல். இந்த நான்கும் ஒன்றாக இருந்தால் இரண்டு டிரேடர்களுக்கும் ஒரே கோடுதான் வரும்.