ஆடித் தள்ளுபடியைக் கடைக்காரரே இறக்கலாம்

ஆவணி பிறந்து பத்து நாள் ஆன பிறகும் முகப்பில் 'ஆடித் தள்ளுபடி' என்று பேனர் தொங்கும் துணிக்கடை இணையதளங்களைப் பார்த்திருப்பீர்கள். கடை வாசலில் கட்டியிருந்த பேனரை ஆடி முடிந்த மறுநாளே யாராவது ஏணி போட்டு அவிழ்த்திருப்பார்கள். இணையதளத்தில் இருப்பதை அவிழ்க்க, தளத்தைச் செய்து கொடுத்தவருக்குப் போன் போட வேண்டும். அவர் வேறு வேலையில் இருப்பார்.

இதற்குத் தீர்வாகச் சிலர் பக்கம் முழுவதையும் கடைக்காரர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எழுத்தின் அளவு, நிறம், படத்தின் இடம் என எதை வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டே மாதத்தில் ஒரு பக்கத்தில் தலைப்பு சிவப்பாகவும் இன்னொன்றில் பச்சையாகவும் இருக்கும். போனில் திறந்தால் படம் ஓரத்தைத் தாண்டி ஓடும். கடைக்காரர் பயந்துபோய் எதையும் தொடாமல் விட்டுவிடுவார், மறுபடியும் போன்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஹெட்லெஸ் சி.எம்.எஸ். என்று அதைச் சொல்கிறார்கள். சானிட்டி, ஸ்ட்ராப்பி, கான்டென்ட்ஃபுல் எல்லாம் இந்த வகை. கடையைப் பற்றிய தகவல்கள் ஓரிடத்தில் இருக்கும். அவற்றைத் திருத்த ஒரு திரை இருக்கும். பக்கம் எப்படித் தோன்ற வேண்டும் என்பது தனி நிரல். பக்கத்தைக் காட்டும்போது அந்த நிரல் தகவலைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். கடைக்காரர் தொடுவது தகவலை மட்டுமே என்பதால் அலங்காரம் கெடாது. ஆனால் என்னென்ன தகவல், எந்தெந்தக் கட்டத்தில் என்று வகுப்பதை இந்த மென்பொருள்கள் செய்து தராது. வெள்ளைத் தாளில் கடிதம் எழுதச் சொல்வதற்கும் வங்கியில் செல்லான் நிரப்பச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே. அந்தச் செல்லானை எப்படி அச்சடிப்பது என்பதுதான் வேலையின் பெரும்பகுதி.

எது மாறும், எது மாறாது

மதுரையில் ஒரு சுங்குடிச் சேலைக் கடையை வைத்துப் பார்ப்போம். கடையில் ஏறக்குறைய 80 வகைச் சேலைகள், ஒரு கிளை, இணையத்திலும் விற்பனை.

பலரும் தொடங்கும் இடம் பக்கங்களின் பட்டியல்: முகப்பு, எங்களைப் பற்றி, தொடர்புக்கு. அதைவிடப் பயனுள்ள கேள்வி, ஒரு வருடத்தில் கடைக்காரர் எதையெல்லாம் மாற்றுவார் என்பது. ஆடித் தள்ளுபடி வரும், போகும். தீபாவளிக்குப் புதுச் சரக்கு வரும். சித்திரைத் திருவிழாவுக்குக் கடை நேரம் மாறும். போன் எண் எப்போதாவது மாறும். முதல் முறை துவைப்பது எப்படி என்ற குறிப்பில் ஒரு வரி சேர்க்கத் தோன்றும். இந்தப் பட்டியலில் இருப்பவை மட்டும் திருத்தும் திரையில் வர வேண்டும். வருடத்துக்கு ஒருமுறைகூட மாறாதது நிரலிலேயே இருக்கட்டும். திரையில் கட்டங்கள் கூடக்கூட, தேவையான கட்டம் கண்ணில் படாமல் போகும்.

பட்டியலில் விலையும் இருப்பும் வருமே என்பீர்கள். அவை ஏற்கெனவே பில் போடும் மென்பொருளிலோ விற்பனைத் தளத்திலோ இருக்கின்றன. அவற்றை இங்கேயும் ஒரு கட்டமாக வைத்தால் ஒரே விலை இரண்டு இடத்தில் இருக்கும். என்றாவது ஒருநாள் பக்கத்தில் 850 ரூபாய் என்றும் பணம் கட்டும் இடத்தில் 920 என்றும் வரும். ஆகவே சி.எம்.எஸ்.ஸில் சேலையின் அடையாள எண் மட்டும் போதும். சேலையின் கதை, படம், துவைக்கும் குறிப்பு இங்கே. விலையும் இருப்பும் அங்கே. பக்கத்தைக் கட்டும் நிரல் இரண்டையும் சேர்த்துக்கொள்ளும்.

மிச்சம் உள்ளவை இரண்டு வகையாகப் பிரியும். முகவரி, போன், கடை நேரம் ஆகியவை ஒன்றே ஒன்று. 'கடை விவரம்' என்று ஒரே பதிவில் வைத்தால், பக்கத்தின் அடியிலும் தொடர்புப் பக்கத்திலும் பில்லிலும் அதுவே வரும். சேலை, அறிவிப்பு, துவைக்கும் குறிப்பு ஆகியவை பலவாக இருக்கும். இதில் துவைக்கும் குறிப்பைத் தனிப் பதிவாக வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. '80 சேலைக்கும் தனியாக அலசவும்' என்று 80 இடத்தில் ஒட்டினால், ஒரு வரியைத் திருத்த 80 பதிவைத் திறக்க வேண்டும். குறிப்பு தனியாக இருந்து, சேலைகள் அதைச் சுட்டினால் ஒரு திருத்தம் போதும். யாராவது அந்தக் குறிப்பை நீக்கப் பார்த்தாலும், சேலைகள் சுட்டிக்கொண்டிருக்கும்வரை சானிட்டி நீக்க விடாது. இதற்கு மறுபக்கமும் உண்டு: ஒரு பட்டுக்கலப்புச் சேலைக்காகக் கடைக்காரர் குறிப்பை மாற்றினால், அது எல்லாச் சேலையிலும் மாறிவிடும். எனவே கட்டத்துக்குக் கீழே 'இதை மாற்றினால் இந்தக் குறிப்புள்ள எல்லாச் சேலையிலும் மாறும்' என்று ஒரு வரி எழுதிவைக்க வேண்டும்.

ஒரு பேனரின் உள்ளே

ஆடி பேனரையே வகுத்துப் பார்க்கலாம். அவசரமாகச் செய்பவர்கள் 'முகப்பு மேல் வரி', 'பின்னணி நிறம்', 'காட்டு / மறை' என்று மூன்று கட்டம் வைப்பார்கள். முதல் கட்டம் இடத்தைச் சொல்கிறது. நாளை வடிவமைப்பு மாறி வரி கீழே போனால் பெயர் பொய்யாகிவிடும். இரண்டாவது, அலங்காரத்தைக் கடைக்காரர் தலையில் கட்டுகிறது. மூன்றாவது, மறைக்க வேண்டிய நாளை அவர் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆவணியில் பேனர் தொங்குவது இதனால்தான்.

தகவலாகப் பார்த்தால் அது ஓர் அறிவிப்பு. அதற்கு ஒரு செய்தி, ஒரு தொடக்கம், ஒரு முடிவு. சானிட்டியில் அதை இப்படி எழுதலாம்:

```js
defineType({
  name: 'announcement',
  title: 'அறிவிப்பு',
  type: 'document',
  fields: [
    defineField({
      name: 'message',
      title: 'வாடிக்கையாளர் படிக்கும் வரி',
      type: 'string',
      validation: (rule) => [
        rule.required().error('இந்த வரி இல்லாமல் வெளியிட முடியாது'),
        rule.max(70).warning('போனில் வரி உடையலாம்'),
      ],
    }),
    defineField({
      name: 'startsAt',
      title: 'எப்போது தொடங்கும்?',
      type: 'datetime',
      validation: (rule) => rule.required(),
    }),
    defineField({
      name: 'endsAt',
      title: 'எப்போது முடியும்?',
      type: 'datetime',
      validation: (rule) =>
        rule.required().min(rule.valueOfField('startsAt')),
    }),
  ],
})
```

நிரல் தெரியாதவரும் இதில் ஒன்றைக் கவனிக்கலாம். `name` என்பது நிரலுக்கான பெயர். `title` கடைக்காரர் திரையில் பார்ப்பது. அதைத் தமிழிலேயே, அவர் பேசும் பேச்சிலேயே எழுதலாம். தவறு நேர்ந்தால் வரும் செய்தியும் அப்படியே. முடிவு நாள் இல்லாமலோ, தொடக்கத்துக்கு முந்தைய முடிவு நாளோடோ அறிவிப்பை வெளியிட முடியாது. வரி நீண்டுவிட்டால் எச்சரிக்கை மட்டும் வரும். வெளியிடுவதை அது தடுக்காது. எதைத் தடுப்பது, எதை எச்சரித்து விடுவது என்பதை நிதானித்து முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் கட்டாயமாக்கினால் வெளியிடுவதற்காகப் புள்ளி வைத்து நிரப்புவார்கள்.

எழுத்து எண்ணிக்கையில் தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. 'தள்ளுபடி' நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு எட்டு, மெய்யின் புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. ஆங்கிலத் தளத்துக்கு வைத்த 40 என்ற அளவை அப்படியே எடுத்துவைத்தால், சின்னத் தமிழ் வரிக்கும் எச்சரிக்கை வரும். கடையின் பழைய அறிவிப்புகள் நான்கைந்தை எடுத்துப் போட்டுப் பார்த்து அளவை வைப்பதே சரி.

அடுத்தது நேரம். ஆடி முதல் தேதி பெரும்பாலும் ஜூலை 17. நேரம் இல்லாமல் தேதியை மட்டும் வாங்கி, சர்வரின் உலகப் பொது நேரத்தோடு ஒப்பிட்டால், தள்ளுபடி நம் கணக்கில் காலை 5.30க்குத்தான் தொடங்கும், முடிவதும் அப்படியே தள்ளிப்போகும். தேதியும் நேரமும் சேர்ந்த `datetime` கட்டத்தில் கடைக்காரர் நம் நேரத்தில் நள்ளிரவு 12 என்று கொடுத்தால், உள்ளே அது முந்தைய நாள் 18.30 என்று பதிவாகும். ஒப்பீடு தவறாது.

முடிவு நாள் சரியாக இருந்தும் பேனர் இறங்காமல் போக இன்னொரு வழி உண்டு. பல தளங்கள், வேகத்துக்காகப் பக்கங்களை முன்கூட்டியே கட்டிவைக்கின்றன; யாராவது எதையாவது வெளியிட்டால் மட்டுமே மறுபடி கட்டும். ஆடி கடைசி இரவு யாரும் எதையும் வெளியிடவில்லை என்றால் பழைய பக்கமே நிற்கும். தினமும் நள்ளிரவு கடந்ததும் தளத்தைத் தானாக மறுபடி கட்டச் செய்யலாம். அல்லது பக்கம் திறக்கும்போது முடிவு நேரத்தைப் பார்க்கச் செய்யலாம். சோதிப்பதும் எளிது: பத்து நிமிடத்தில் முடியும் அறிவிப்பு ஒன்றைப் போட்டு, எதையும் தொடாமல் காத்திருந்து பாருங்கள்.

சுதந்திரம் எவ்வளவு

முகப்புப் பக்கத்தில் மட்டும் கடைக்காரருக்குக் கொஞ்சம் கை நீளம் வேண்டும். பெரிய படம், சேலைத் தொகுப்பு, கதை, கேள்வி பதில் என நான்கைந்து துண்டுகளைச் செய்து கொடுத்தால், எது முதலில், எது அடுத்து என்று அவரே அடுக்கிக்கொள்வார். துண்டுகள் பன்னிரண்டு, பதினைந்து என்று பெருகினால் மறுபடியும் வெள்ளைத் தாள்தான்.

படத்தில் சேலைக் கடைக்கே உரிய ஒரு சிரமம் இருக்கிறது. கணினியில் அகலமாகத் தெரியும் படம் போனில் நெடுக்காக வெட்டப்படும். வெட்டு நடுவில் விழுந்தால் முந்தானையும் கரையும் போய், வெறும் புள்ளிகள் மிஞ்சும். சானிட்டியில் படக் கட்டத்துக்கு `hotspot` என்ற வசதியைக் கொடுத்தால், 'இந்த இடம் போகக் கூடாது' என்று கடைக்காரர் படத்தின் மேலேயே வட்டம் போட்டுக் காட்டலாம். தளத்தின் நிரலும் அந்த வட்டத்தைக் கேட்டு மதிக்க வேண்டும். பலர் இதைச் செய்யாமல் விட, கடைக்காரர் வட்டம் போட்டுப் போட்டு அலுத்துப்போகிறார்.

எல்லாம் முடிந்ததும் கடைக்காரரைத் திரை முன் உட்காரவைத்து மூன்று வேலை சொல்லுங்கள்: நாளைக் கடை விடுமுறை என்று அறிவிக்கட்டும், ஒரு சேலையின் படத்தை மாற்றட்டும், முகப்பில் தொகுப்பை மேலே ஏற்றட்டும். வெளியிடும் பொத்தானை அழுத்தும்வரை எல்லாம் வரைவாகவே இருக்கும் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிட்டு, வாயைத் திறக்காமல் பாருங்கள். அவர் தயங்கும் கட்டத்தின் பெயர்தான் பெரும்பாலும் தவறாக இருக்கும்.

அந்தத் தயக்கத்தைத் தளம் திறக்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. கடைக்காரர் பார்க்கும் `title`ஐ எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், செலவில்லை. உள்ளே இருக்கும் `name`ஐ மாற்றினால், அதுவரை நிரப்பிய தகவல் பழைய பெயரிலேயே தங்கிவிடும். புதிய கட்டம் வெறுமையாக நிற்கும். 80 சேலையை ஏற்றிய பிறகு அப்படி நேர்ந்தால், தகவலை இடம் மாற்றத் தனி நிரல் எழுதித்தான் தீர வேண்டும். அதனால் இரண்டு சேலையை மட்டும் ஏற்றிய நிலையிலேயே இந்தச் சோதனையை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.